புல்காரித் தையல்

புல்காரித் தையல் என்பது கதர்த் துணியின் பின்புறத்திலிருந்து, துணியின் இழைகளை எண்ணி எண்ணி, பட்டு நூலால் வடிவியல் உருக்களை நிரப்பும் ஒரு பூத்தையல் முறை ஆகும். இது பஞ்சாப் பகுதிக்கு உரியது. 1947க்கு முந்தைய பஞ்சாப் இன்று இந்தியாவின் பஞ்சாப், அரியானா மாநிலங்களிலும் பாக்கித்தானின் பஞ்சாப் மாகாணத்திலும் பிரிந்து கிடப்பதால், இக்கலையின் பழைய மாதிரிகள் இரு நாடுகளிலும் காணப்படுகின்றன. பஞ்சாபி மொழியில் 'புல்' என்பது பூவையும் 'காரி' என்பது வேலையையும் குறிக்கும். எனவே 'பூவேலை' என்று தமிழில் சொன்னால் பொருள் சரியாகவே அமையும்.

பெயர் பூவேலை என்றாலும் பழைய புல்காரிகளில் இயற்கையான பூக்களை அதிகம் காண இயலாது. சாய்சதுரம், முக்கோணம், நெளிகோடு, படிக்கட்டுப் போன்ற ஓரம் ஆகியவையே மிகுதி. இது அழகுணர்ச்சியால் மட்டும் வந்த தேர்வு அன்று. இழையை எண்ணித் தைக்கும்போது ஊசி நெடுக்காகவும் குறுக்காகவும் மட்டுமே செல்கிறது. அவ்வாறு செல்லும் ஊசியால் வளைவுகளை வரைவது கடினம்; படிப்படியாகக் குறுகும், அகலும் உருவங்களை அமைப்பது எளிது.

துணியும் நூலும்

புல்காரிக்குரிய துணி கையால் நூற்றுக் கையால் நெய்த பருத்தித் துணி ஆகும். பஞ்சாபில் இதனைக் கத்தர் என்பர். நாம் கதர் என்று சொல்வதும் இதையே. தறியின் அகலம் குறைவாக இருந்ததால் இரண்டு அல்லது மூன்று பட்டைகளைப் பக்கவாட்டில் இணைத்தே ஒரு போர்வை செய்யப்பட்டது. பெரும்பாலும் மஞ்சிட்டி வேரின் சாயத்தால் செங்கல் சிவப்பாகச் சாயமிடுவர். நீலம், கறுப்பு நிறத் துணிகளும் உண்டு. வெள்ளைத் துணியில் செய்தது 'திர்மா' எனப்படும்.

கதர் முரடாக இருப்பது இங்கே குறை அன்று, தேவை. இழை தடித்திருந்தால்தான் வெறுங்கண்ணால் எண்ண முடியும். பாவும் ஊடையும் ஏறத்தாழ ஒரே நெருக்கத்தில் இருப்பதும் அவசியம். இல்லையெனில் என்ன ஆகும் என்பதைப் பின்னர் பார்க்கலாம்.

தையல் நூல் 'பட்' எனப்படும் முறுக்கேற்றாத பட்டு. முறுக்கிய நூலில் நுண்ணிழைகள் திருகிக்கொண்டு பல திசைகளை நோக்கி இருப்பதால் ஒளி சிதறிவிடும். முறுக்காத பட்டில் நுண்ணிழைகள் ஒன்றுக்கொன்று இணையாகப் படுத்திருக்கும். ஒளி அவற்றின் மேல் ஒரே சீராகப் பட்டு எதிரொளிக்கும். இதனால் நூல் எந்தத் திசையில் கிடக்கிறதோ அதற்கேற்ப மினுமினுப்பு மாறும். ஒரே பொன்மஞ்சள் நூலால் ஒரு முக்கோணத்தை நெடுக்குத் தையலாலும், அதை அடுத்த முக்கோணத்தைக் குறுக்குத் தையலாலும் நிரப்பினால், பார்ப்பவருக்கு அவை இரண்டு நிறங்களாகத் தெரியும். துணியைச் சற்றே திருப்பினால் இருண்டது ஒளிரும், ஒளிர்ந்தது இருளும். நூலின் நிறத்தை மாற்றாமல் திசையை மட்டும் மாற்றி உருவம் காட்டுவது புல்காரியின் தனித்தன்மை.

பின்புறத்திலிருந்து தைப்பது ஏன்?

அடிப்படைத் தையல் இழையோட்டத் தையலே. கிழிந்த துணியைச் சீராக்க இழையோட்டும்போது செய்வது போல, ஊசி சில இழைகளுக்கு அடியிலும் சில இழைகளுக்கு மேலும் மாறி மாறிச் செல்கிறது. புல்காரியில் இந்த இரண்டும் சமம் அல்ல. துணியின் முன்புறத்தில் நூல் பல இழைகளைக் கடந்து நீளமாகக் கிடக்கும். பின்புறத்தில் ஒரே ஓர் இழையை மட்டும் கவ்விக்கொண்டு உடனே முன்புறம் போய்விடும். ஆகவே முன்புறம் முழுவதும் பட்டாகவும், பின்புறம் சிறு புள்ளிகளாகவும் காட்சி தரும்.

தைப்பவர் துணியின் பின்புறத்தைத் தன் முகத்தை நோக்கி வைத்துக்கொள்கிறார். சட்டம் எதுவும் பயன்படுத்துவதில்லை. துணி கையிலேயே இருக்கும். தைக்கும்போது பட்டு விரியும் முன்புறம் அவர் கண்ணுக்குப் படாது. இது முதலில் விந்தையாகத் தோன்றலாம். ஆனால் காரணம் தெளிவானது. முன்புறத்தில் ஒரு வரிசை தைத்தவுடனேயே பட்டு பரவித் துணியின் இழைகளை மூடிவிடும். மூடிய இழைகளை எண்ண இயலாது. பின்புறத்திலோ இழைகள் கடைசி வரை திறந்தே இருக்கின்றன. முன்பு தைத்த வரிசைகளும் அங்கே புள்ளிகளாகத் தெரிவதால் அடுத்த வரிசையை எங்கே தொடங்குவது என்பதற்கு அவையே அளவுகோலாகின்றன. கைபட்டுப் பட்டு கலைவதும் அழுக்காவதும் குறைகிறது என்பது இதனால் கிடைக்கும் மற்றொரு பயன்.

துணியின் மேல் கோடு எதுவும் வரையப்படுவதில்லை. உருவம் எண்ணிக்கையாக மனத்தில் இருக்கிறது. புள்ளி வைத்துக் கோலம் போடுபவர்களுக்கு இது புதிதாக இராது. '11 புள்ளி, நேர்ப்புள்ளி, 1 முடிய' என்று சொன்னால் படம் பார்க்காமலேயே அந்தக் கோலத்தின் புற வடிவம் மனத்தில் தோன்றிவிடுகிறது அல்லவா? புல்காரி உருவங்களும் அவ்வாறே தாயிடமிருந்து மகளுக்கு எண்களாகச் சென்றன.

ஒரு சாய்சதுரம்: எடுத்துக்காட்டு

11 இழை அகலமுள்ள ஒரு சிறு சாய்சதுரத்தை எடுத்துக்கொள்வோம். துணியில் பாவும் ஊடையும் ஒரு சென்டிமீட்டருக்கு 12 இழைகள் என்க. இடமிருந்து வலமாக 11 நெடுக்கிழைகளுக்கு 1 முதல் 11 வரை எண் இடுவோம். தையல்கள் குறுக்காகச் செல்லும். ஒவ்வொரு வரிசையும் முந்தைய வரிசைக்கு ஓர் இழை மேலே அமையும்.

முதல் வரிசையில் நடுவிலுள்ள 5, 6, 7 ஆகிய மூன்று இழைகள் மட்டும். ஊசி 5ஆம் இழைக்கு முன்னால் கீழே இறங்கி, மூன்று இழைகளுக்கு அடியில் சென்று, 7ஆம் இழைக்குப் பின்னால் மேலே வருகிறது. அடியில் சென்ற அந்தப் பகுதியே முன்புறத்தில் பட்டுத் தையலாகத் தெரியும். இரண்டாம் வரிசை 4 முதல் 8 வரை. ஊசி வலப்புறம் நிற்பதால், 8ஆம் இழையைத் தாண்டி ஓர் இழை மேலேறி இறங்கி, இம்முறை வலமிருந்து இடமாக ஐந்து இழைகளுக்கு அடியில் சென்று 4க்கு முன்னால் வெளிவருகிறது. மூன்றாம் வரிசை 3 முதல் 9 வரை, நான்காம் வரிசை 2 முதல் 10 வரை, ஐந்தாம் வரிசை 1 முதல் 11 வரை. அதன் பின் அதே வழியில் திரும்பி 9, 7, 5, 3 இழைகளாகக் குறைந்து ஒன்பதாம் வரிசையில் உருவம் முடிகிறது.

இந்த ஒன்பது வரிசைகளில் முன்புறம் கிடக்கும் பட்டின் நீளம் 3+5+7+9+11+9+7+5+3, அதாவது 59 இழை அளவு. பின்புறத்தில் இருப்பதோ ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்கு மாறும் எட்டுச் சிறு தையல்கள் மட்டுமே. ஒவ்வொன்றும் ஓர் இழையைச் சாய்வாகக் கடக்கும் அளவு. இதே சாய்சதுரத்தை நூலை முழுவதுமாகச் சுற்றிவரும் சாட்டின் தையலால் நிரப்பினால் முன்புறம் போலவே பின்புறத்திலும் ஏறத்தாழ அதே அளவு பட்டு செலவாகும். பருத்தி வீட்டிலேயே நூற்றது. பட்டு விலை கொடுத்து வெளியிலிருந்து வாங்கியது. விலையுள்ள நூல் முழுவதையும் கண்ணுக்குத் தெரியும் பக்கத்தில் வைக்கும் சிக்கனம் இத்தையலுக்குள்ளேயே அமைந்திருக்கிறது.

கவனிக்க வேண்டியது, அந்த எட்டுச் சிறு தையல்களும் சாய்சதுரத்தின் இரு பக்க ஓரங்களில் மட்டுமே விழுகின்றன என்பது. எனவே தைப்பவர் பார்க்கும் பின்புறத்தில் உருவத்தின் எல்லைக்கோடு புள்ளிகளாகத் தோன்றுகிறது. முன்புறத்தைத் திருப்பிப் பார்க்காமலேயே வேலை சரியாகப் போகிறதா என்று அவருக்குத் தெரிந்துவிடும்.

நான்காம் வரிசையில் ஒரு பிழை நேர்கிறது என்று கொள்வோம். 2 முதல் 10 வரை எடுப்பதற்குப் பதிலாக 3 முதல் 11 வரை எடுத்துவிட்டார். ஒன்பது இழைகள் என்ற எண்ணிக்கை சரிதான்; தொடங்கிய இடம்தான் ஓர் இழை தவறு. உடனே பின்புறத்தில் இடது ஓரம் சாயாமல் நேராக நிற்கும். வலது ஓரம் ஒரே தாவலில் இரண்டு இழைகளைக் கடக்கும். அங்கேயே நிறுத்திப் பிரித்தால் இழப்பு ஒரு வரிசைதான். கவனிக்காமல் போனால் அடுத்த வரிசை இந்தத் தவறான வரிசையிலிருந்தே எண்ணப்படும். பிழை தானாகத் திருந்தாது. மேலுள்ள பாதி முழுவதும் ஓர் இழை நகர்ந்து நிற்கும். பக்கத்துச் சாய்சதுரத்தின் மூலையோடு இதன் மூலை சேராது. பல வரிசைகளைப் பிரிப்பதும் எளிதல்ல; முறுக்காத பட்டை உருவினால் அது பஞ்சு போல் பிரிந்துவிடும், மறுபடி தைப்பதற்கு உதவாது.

துணியால் வரும் பிழைகளும் உண்டு. மேற்சொன்ன துணியில் ஊடை மட்டும் சென்டிமீட்டருக்கு 9 இழைகள் என்று வைத்துக்கொள்வோம். சாய்சதுரத்தின் அகலம் முன்போலவே 9 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். உயரமோ 7.5 மில்லிமீட்டரிலிருந்து 10 மில்லிமீட்டர் ஆகிவிடும். எண்ணிக்கை பிசகாமல் இருந்தும் உருவம் நீண்டுவிடுகிறது. ஒரே உருவத்தில் நெடுக்குத் தையலும் குறுக்குத் தையலும் அடுத்தடுத்து வரும் இடங்களில் இது இன்னும் தொல்லை தரும். ஒரே எண்ணிக்கையில் தைத்த இரு முக்கோணங்கள் வெவ்வேறு அளவில் வந்து ஓரங்கள் பொருந்தாமல் நிற்கும்.

தையலின் நீளத்துக்கும் எல்லை உண்டு. முன்புறத்தில் நூல் எங்கும் பிடிப்பில்லாமல் கிடப்பதால் ஒரு சென்டிமீட்டரைத் தாண்டினால் வளையலிலும் மோதிரத்திலும் மாட்டி இழுபடும். கால் அங்குல அளவிலான தையல்கள் நிலைத்து நிற்கும். குறுகிய, சீரான தையலே நல்ல வேலைக்கு அடையாளமாகக் கொள்ளப்பட்டது. ஆகவே பெரிய சாய்சதுரம் ஒன்றை ஒரே தையலாக நீட்டாமல் சிறு சாய்சதுரங்களாகப் பிரித்தே நிரப்புவர். நூலை அளவுக்கு மீறி இழுத்தால் துணி சுருங்கும். தளர்த்தினால் பட்டு தொங்கும்.

பாக்

துணி முழுவதையும் தையல் மூடிவிட்டால் அது 'பாக்' எனப்படும். பாக் என்பதற்குத் தோட்டம் என்று பொருள். ஆங்காங்கே பூக்கள் சிதறிக் கிடப்பது புல்காரி, தரை தெரியாமல் நிறைந்து கிடப்பது பாக் என்று வேறுபடுத்துவர்.

பாக்கில் ஊசி ஒவ்வோர் உருவத்தின் ஓரத்திலும் திரும்பாமல் நெடுந்தூரம் ஓடலாம். முன்புறம் 7 இழைகள், பின்புறம் 1 இழை என்று எட்டு இழைக்கு ஒருமுறை வரும் ஓட்டத்தைக் கருதுக. முதல் வரிசையில் 8, 16, 24 ஆகிய இழைகள் கவ்வப்படுகின்றன. இரண்டாம் வரிசையில் 9, 17, 25. மூன்றாம் வரிசையில் 10, 18, 26. கவ்விய இடங்களில் மட்டும் துணியின் சிவப்பு ஊசிமுனை அளவு எட்டிப் பார்ப்பதால், பொன்னிறப் பரப்பில் மெல்லிய சாய்கோடுகள் தோன்றும். நான்கு வரிசைக்குப் பின் திசையை மாற்றி ஒவ்வோர் இழையாகப் பின்வாங்கினால் சாய்கோடு நெளிகோடாகும். நெளிகோடுகள் நிறம் மாறி மாறி வரும் பாக் 'லஹரியா' எனப்படுகிறது; அச்சொல் அலையைக் குறிக்கும்.

இவ்வாறு ஒரு போர்வையை நிரப்ப ஓராண்டோ அதற்கு மேலோ ஆகலாம். பெண்கள் இதனை வீட்டு வேலைகளுக்கு இடையே, பெரும்பாலும் திருமணச் சீருக்காகச் செய்தனர். மணமகன் வீட்டார் மருமகளுக்குத் தரும் 'வரி தா பாக்' சிவப்புத் துணியில் பொன்மஞ்சள் பட்டால் மட்டும் செய்யப்படும். பெரிய சாய்சதுரத்துக்குள் சிறியது, அதற்குள் அதனினும் சிறியது என்று அடுக்கி, மேலே கூறிய திசைமாற்றத்தைக் கொண்டே அவை வேறுபடுத்தப்படும். 'பாவன் பாக்' என்பதில் 52 கட்டங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு வேறுபட்ட உருவம். பஞ்சாபியில் பாவன் என்றால் 52. எழுதி வைக்காத ஒரு கலைக்கு இதனை மாதிரி ஏடு எனலாம். பல பழைய பாக்குகளில் ஒரு மூலையில் பொருந்தாத நிறத்தில் ஒரு சிறு கட்டம் காணப்படும். இது பிழை அன்று. கண்ணேறு படாதிருக்க வேண்டுமென்றே இடப்பட்ட 'நசர் பூட்டி'. புது வீட்டுக்குத் திருஷ்டிப் பூசணி கட்டுவது போன்றதே.

எல்லாப் புல்காரிகளும் எண்ணித் தைத்தவை அல்ல என்பதையும் குறிப்பிட வேண்டும். மணமகளின் தாய்வழிப் பாட்டி செய்து தரும் 'சோப்' இரட்டை ஓட்டத் தையலால் ஆனது. ஒருமுறை ஓடிய பின் விடுபட்ட இடைவெளிகளை மறு ஓட்டத்தில் நிரப்புவதால் இரு பக்கமும் ஒன்று போலவே இருக்கும். பட்டிண்டா வட்டாரத்துச் 'சாஞ்சி' வகையில் இரயில் வண்டி, மாடு, தயிர் கடையும் பெண் போன்ற உருவங்கள் உண்டு. அவற்றின் புறக்கோட்டைக் கறுப்பு மையால் வரைந்துகொண்டே தைத்தனர்.

வரலாறும் இன்றைய நிலையும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் புல்காரி விலைப்பொருளாயிற்று. ஐரோப்பியர் வீடுகளுக்குத் திரைச்சீலையாக விற்க அவர்கள் விரும்பிய நிறங்களிலும் உருவங்களிலும் தைக்கப்பட்டது. பஞ்சாபில் வாழ்ந்த ஆங்கில எழுத்தாளர் புளோரா ஆனி சிடீல் 1888இல் இந்தியக் கலை இதழ் ஒன்றில் புல்காரி பற்றி விரிவாக எழுதினார். அக்கட்டுரை இன்றும் ஆய்வாளர்களால் எடுத்தாளப்படுகிறது. 1947இல் நிகழ்ந்த பிரிவினையின்போது குடும்பங்கள் இடம் பெயர்ந்தன. ஆண்டுக்கணக்கில் வீட்டில் இருந்து தைக்கும் வேலைக்கு இடமின்றிப் போயிற்று. பின்னர் பட்டியாலா புல்காரித் தையலின் முக்கிய மையமாயிற்று. 2010-11ஆம் ஆண்டில் புல்காரிக்குப் புவிசார் குறியீடு வழங்கப்பட்டது. பட்டியாலாவைச் சேர்ந்த புல்காரிக் கலைஞர் லாஜ்வந்திக்கு இந்திய அரசு 2021இல் பத்மசிறீ விருது அறிவித்தது.

இன்று கடைகளில் புல்காரி துப்பட்டாக்கள் ஏராளம். ஆனால் அவற்றுள் பெரும்பாலானவை மேலே விவரித்த தையலால் ஆனவை அல்ல. துணி ஜார்ஜெட்டாகவோ சிஃபானாகவோ இருக்கும். அதன் இழைகளைக் கண்ணால் எண்ணுவது நடவாத காரியம். ஆகவே உருவத்தை மர அச்சால் துணியின் மேல் ஒற்றி, அக்கோட்டின் வழியே முன்புறத்திலிருந்து தைக்கின்றனர்; எந்திரத்தால் தைத்தவையும் உண்டு. விலை குறைவு, வேலை விரைவு, அணிவதற்கு இலேசு என்பதால் இதனைக் குறை கூறிப் பயனில்லை. எனினும் உருவத்துக்குக் காரணமாயிருந்த எண்ணிக்கை நீங்கிய பின் உருவம் மட்டும் நிற்கிறது. அச்சில் சாய்சதுரமும் வளைந்த கொடியும் ஒரே அளவு எளிது. அதனால் புதிய துப்பட்டாக்களில் வளைந்த கொடிகள் கலந்து வருவதைக் காணலாம்.

எண்ணித் தைத்ததா என்று அறியத் துணியைத் திருப்பிப் பார்த்தால் போதும். எண்ணித் தைத்ததில் பின்புறம் சீரான புள்ளி வரிசைகள் இருக்கும். தையலின் முனைகள் யாவும் துணியின் இழை இடுக்குகளில் நேராக நிற்கும். அச்சொற்றித் தைத்ததில் பின்புறமும் நீண்ட நூல்கள் குறுக்கும் நெடுக்குமாகக் கிடக்கலாம். பட்டின் ஓரத்தில் அச்சு மையின் தடம் எஞ்சியிருப்பதும் உண்டு. எந்திரத் தையலில் பின்புறத்தில் வேறொரு அடிநூல் தெரியும்.

தோடர் பூத்தையல்

தமிழ்நாட்டில் இதற்கு மிக நெருங்கிய முறை நீலகிரியில் வாழும் தோடர்களின் பூத்தையல் ஆகும். தோடர் பெண்கள் முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியில் சிவப்பு, கறுப்புக் கம்பளி நூல்களால், சட்டமின்றி, கோடு வரையாமல், இழைகளை எண்ணியே தைக்கின்றனர். தோடர்கள் போர்த்தும் 'பூத்துக்குளி' என்னும் போர்வையில் இதனைக் காணலாம். 2013இல் இதற்கும் புவிசார் குறியீடு கிடைத்தது.

தையல் ஒன்றாயினும் நூல் வேறு என்பதால் விளைவும் வேறாகிறது. வழுவழுப்பான பட்டு நீளமாகக் கிடந்து ஒளிர்வதற்கே புல்காரி அமைந்தது. கம்பளிக்கு அம்மினுமினுப்பு இல்லை. அதன் பலம் தடிப்பு. தோடர் பெண்கள் நூலை இறுக்கி இழுக்காமல் சிறு கண்ணிகளாக விடுவதால் தையல் துணியின் மேல் புடைத்து நிற்கிறது. புல்காரியில் வழவழப்பான பக்கம் முன்புறம், புள்ளிகள் உள்ளது பின்புறம் என்பதில் ஐயமில்லை. தோடர் துணியை இரு பக்கமும் பயன்படுத்தலாம். எனினும் வாங்குவோர் பின்புறம் என்று கருதக்கூடிய சொரசொரப்பான பக்கத்தையே தோடர்கள் முன்புறமாகக் கொள்கின்றனர்.